மெனு கார்டு போட்டோவும் "என்ன ஆர்டர் பண்ணலாம்?" என்ற ஒரு வரியும் மட்டும் வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

ரஸ்தாக்காரன் | 8 ஆகஸ்ட் 2025, வெள்ளி, பகல் 1.52

காரைக்குடிப் பக்கம் யார் சுற்றிப் பார்க்கப் போனாலும் எனக்கு ஒரு போட்டோ வந்துவிடுகிறது. மெஸ் மெனு கார்டு, கீழே ஒரே வரி: "என்ன ஆர்டர் பண்ணலாம்?" இன்றைக்கும் வந்தது. அனுப்பியவர் முன்பு என்னோடு வேலை பார்த்தவர். சைவமா அசைவமா, எத்தனை பேர், எவ்வளவு செலவு செய்ய நினைக்கிறார், எதுவும் தெரியாது. நான் நாலு கேள்வி கேட்டு அதற்குப் பதில் வருவதற்குள் சர்வர் வந்து நின்றுவிடுவார். அந்தப் பதற்றத்தில் "நாலு சிக்கன் பிரியாணி" என்று சொல்லிவிடுவார்கள். காரைக்குடி வரைக்கும் போய் சிக்கன் பிரியாணி.

என் கட்சி இதுதான்: கேள்வியை முன்னால் வைக்கக் கூடாது. முதலில் பதில், அதன் வாலில் ஒரே ஒரு கேள்வி. உங்கள் அனுபவம் சொல்லுங்கள்.

கார்டில் இருந்ததை அப்படியே தருகிறேன். சைவச் சாப்பாடு 130, அசைவக் குழம்புச் சாப்பாடு 160. குஸ்கா 110, கோழி பிரியாணி 190, மட்டன் பிரியாணி 280. உப்புக்கறி 270, மட்டன் சுக்கா 260, கோலா உருண்டை (4) 160, நாட்டுக்கோழி வறுவல் 230, பெப்பர் சிக்கன் கிரேவி 190, காடை 180, நெத்திலி 150, இறால் தொக்கு 240. நண்டுக்கும் வஞ்சிரத்துக்கும் விலை இல்லை, "அளவைப் பொறுத்து". வாழைப்பூ கோலா 100, காளான் மிளகு வறுவல் 140, வெண்டைக்காய் மண்டி 80, ஆம்லெட் 25, கவுனி அரிசி 70.

கல்லல் எக்ஸ்பிரஸ் | 8 ஆகஸ்ட், பகல் 2.05

இதுல யோசிக்க என்ன இருக்கு? அசைவ மெஸ்ல உக்காந்துக்கிட்டு கேக்குறாரு, அப்ப அசைவம் சாப்பிடுறவருதான். சைவம்னா சைவ ஹோட்டலுக்குப் போயிருப்பாரு. மட்டன் சுக்கா, நண்டு, முடிஞ்சது.

இலை போடு | 8 ஆகஸ்ட், பகல் 2.31

நான் சின்னதா ஒரு மெஸ் நடத்துறேன். விலை போடாம "அளவைப் பொறுத்து"ன்னு எழுதுறதைப் பத்தித்தானே பேச்சு? யாரையும் ஏமாத்த இல்லைங்க. மீன் தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் ஏலத்துல எடுத்து வர்றது. அன்னன்னிக்கு ஒரு விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்ப வஞ்சிரம் கேக்கவே வேணாம். கார்டுல ஒரு விலை அடிச்சு லேமினேட் பண்ணிட்டா பாதி மாசம் எனக்கு நஷ்டம், மீதி மாசம் உங்களுக்கு நஷ்டம்.

ரஸ்தாக்காரன் | 8 ஆகஸ்ட், மாலை 4.10

இலை போடு அண்ணே, உங்கள் மேல் புகாரே இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது இங்கே வேறு விதத்தில் உதவுகிறது. எதிராளியின் பட்ஜெட் தெரியாதபோது விலை எழுதாத அயிட்டத்தை நான் பரிந்துரைக்கவே கூடாது. நண்டு சொல்லிவிட்டு, பில்லில் அது எவ்வளவு ஏறும் என்று நானே அறியாமல் இருந்தால் அது யோசனை இல்லை, சூதாட்டம். "வேண்டுமானால் இன்றைக்கு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்" என்று ஒரு வரி போதும்.

கல்லல், இன்றைக்கு என்ன கிழமை?

கல்லல் எக்ஸ்பிரஸ் | 8 ஆகஸ்ட், மாலை 4.14

ஐயோ. ஆடி வெள்ளி.

அடுப்படி ஆச்சி | 8 ஆகஸ்ட், மாலை 5.40

தம்பிகளா, ஒருத்தர் சைவமா அசைவமாங்கிறது நிரந்தரமான விஷயம்னு நினைச்சுக்கிறீங்க. நம்ம பக்கம் அது நாளைப் பொறுத்தது. ஞாயித்துக்கிழமை குடல் குழம்பு கேக்குற மனுஷன் வெள்ளிக்கிழமை முட்டையைக்கூடத் தொட மாட்டார். அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி சனி, மாலை போட்ட மாசம், பழனிக்கு நடக்குற நாளுன்னு அடுக்கிக்கிட்டே போகலாம். பிள்ளையார்பட்டி போற வழியில மெஸ்ல உக்காந்திருந்தா ஒரு நிலைமை, கும்பிட்டுத் திரும்பும்போது வேற நிலைமை.

அதனால "நீங்க சைவமா?"ன்னு கேக்காதீங்க. "இன்னைக்கு எல்லாரும் கறி சாப்பிடுறீங்களா?"ன்னு கேளுங்க. "எல்லாரும்"ங்கிற சொல் முக்கியம். போட்டோ அனுப்புறவன் ஒருத்தன், இலையில உக்காந்திருக்கிறது நாலு பேர்.

அப்புறம் அந்தக் குஸ்கா. அது சைவம்னு நினைச்சு வாங்குற வெளியூர்க்காரங்க நிறையப் பேர். கறி போட்டு வெந்த பிரியாணிச் சோத்துல கறியை எடுத்துட்டுத் தர்றதுதான் குஸ்கா. கார்டுல சைவ வரிசைக்குப் பக்கத்துல, குறைஞ்ச விலையில இருக்கும். சைவக்காரர் கண்ணு நேரா அங்கதான் போகும். பரோட்டாவுக்கு ஊத்துற சால்னாவும் அதே கதை. துண்டு இல்லைன்னாலும் எலும்புச் சாறு இருக்கும்.

ரஸ்தாக்காரன் | 8 ஆகஸ்ட், இரவு 9.25

ஆச்சி சொன்ன கேள்வியை எடுத்துக்கொண்டேன். இனி அதுதான் என் ஒரே கேள்வி.

இப்போது மதியம் நான் அனுப்பிய பதிலைச் சொல்கிறேன். போட்டோவில் கார்டின் ஓரத்தில் நாலு எவர்சில்வர் டம்ளர் தெரிந்தது, கார்டுக்கு அடியில் வாழை இலை நுனி. அப்படியென்றால் ஏற்கெனவே இலை போட்டாயிற்று, சாப்பாட்டு நேரம், நாலு பேர். பட்ஜெட்டைக் கேட்கவில்லை. பெரும்பாலோருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வராது, "பரவாயில்ல, நல்லதா சொல்லுங்க" என்பார்கள். அதுவும் பக்கத்தில் மாமனார் இருந்தால் சுத்தம். அதனால் படிக்கட்டு மாதிரி ஒரே வரிசையாகக் கொடுத்தேன், ஒவ்வொரு படிக்கும் மொத்தத் தொகையோடு:

முதலில் ஆளுக்கு ஓர் அசைவக் குழம்புச் சாப்பாடு, 640. அதற்கு மேல் ஒரு கோலா உருண்டை, 800. அதற்கும் மேல் ஓர் உப்புக்கறி, 1070. இன்னும் வேண்டும் என்றால் நாட்டுக்கோழி வறுவல், 1300. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது முழுச் சாப்பாடு.

இந்த வரிசை சும்மா வந்ததில்லை. அசைவச் சாப்பாட்டிலேயே கறிக்குழம்பு, மீன் குழம்பு, கோழிக் குழம்பு என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள பெப்பர் சிக்கன் கிரேவி வாங்கினால் குழம்புக்கு மேல் குழம்பு. 190 ரூபாய் கிண்ணத்தில் பாதி அப்படியே திரும்பிப் போகும். சாப்பாடு சொன்னால் பக்கத்தில் உலர்ந்ததுதான் வேண்டும்: உப்புக்கறி, சுக்கா, வறுவல், கோலா. சாப்பாட்டுக்கு அடுத்த படியிலேயே கோலா வந்ததற்குக் காரணம் எண்ணிக்கை. நாலு உருண்டை, நாலு டம்ளர், ஆளுக்கு ஒன்று. காடை 180, ஆனால் ஒரு காடையை நாலு பேர் பிய்த்துக்கொள்ள முடியாது.

கடைசியில் கேள்வி: "எல்லாரும் கறி சாப்பிடுவீங்களா?" (ஆச்சியின் "இன்னைக்கு" இல்லாமல்.)

கல்லல் எக்ஸ்பிரஸ் | 8 ஆகஸ்ட், இரவு 9.41

நல்லாத்தான் இருக்கு. ஆனா வரியை விட்டுட்டீங்க. ஹோட்டல் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1070ன்னா 1260 தாண்டும். படிக்கட்டு எல்லாம் சரிஞ்சுபோச்சு.

இலை போடு | 8 ஆகஸ்ட், இரவு 10.02

தம்பி, 18 இல்ல, 5. சாதாரண ஓட்டலுக்கு, ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் 5தான், 2017 நவம்பர்லேர்ந்து. ரூம் வாடகை 7500க்கு மேல வாங்குற பெரிய ஓட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரண்ட்லதான் 18 வரும். கானாடுகாத்தான் பக்கம் பங்களாவை ஓட்டலா மாத்தி வச்சிருக்கிறதுல சிலது அந்த ரகம். என்னை மாதிரி சின்ன மெஸ் பலதும் சின்னக் கடைக்கான காம்போசிஷன் திட்டத்துல இருக்கோம். நாங்க கைக்காசுல கட்டணும், பில்லுல தனியா ஜிஎஸ்டி போடவே கூடாது. போட்டிருந்தா நீங்க கேக்கலாம்.

ரஸ்தாக்காரன் | 8 ஆகஸ்ட், இரவு 10.20

அப்படியென்றால் மோசமான கணக்கில் 1070க்கு 53.50 சேர்த்து 1123.50. படிக்கட்டு நிற்கிறது. இனிமேல் வரியையும் சேர்த்த தொகையைத்தான் எழுதப் போகிறேன்: 672, 840, 1123.50, 1365. பங்களா ஹோட்டல் போட்டோ வந்தால் மட்டும் தனிக் கணக்கு.

இனிப்பு நிறுத்தியவன் | 9 ஆகஸ்ட், காலை 6.15

எனக்கு சர்க்கரை. அடுத்த மாசம் காரைக்குடி வர்றேன். கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த கார்டுல 70 ரூபாய்க்கு இருக்கு. ரெண்டு பிளேட் வாங்கலாமா?

அடுப்படி ஆச்சி | 9 ஆகஸ்ட், காலை 7.30

வாங்கலாம், உங்க டாக்டருக்கு ஒரு பிளேட், கம்பவுண்டருக்கு ஒரு பிளேட். கறுப்பரிசியில நார் அதிகம்ங்கிறது சரிதான். ஆனா நம்ம ஊர் கவுனி அரிசி பலகாரம். அரிசியை ஊற வச்சுக் குழைய வேகவிட்டு, சூட்டோட சீனியைக் கொட்டி, தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறுறது. கல்யாண வீட்டு இலையில இனிப்பா வைக்கிறது. அதைச் சாப்பாட்டுக்கு மேல சாப்பிட்டா அரிசிக்கு மேல அரிசி, அதுக்கு மேல சீனி. ஒரு வாய் ருசி பாருங்க, போதும். ரெண்டாவது சோத்துக்குப் பதிலா பொரியல் இன்னொரு தடவை கேளுங்க. மெஸ்ல சங்கடப்பட மாட்டாங்க.

ரஸ்தாக்காரன் | 9 ஆகஸ்ட், காலை 8.05

நேற்று மதியத்தின் மிச்சக் கதை. என் பதில் போய் ஒரு நிமிடம் இருக்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது: "ரெண்டு பேர் இன்னைக்கு சாப்பிட மாட்டாங்க. அம்மாவும் அவளும்." கல்லலின் "அசைவ மெஸ்ஸில் உட்கார்ந்தால் அசைவம்" கதை பாதிக்குப் பாதி. அம்மா ஆடி வெள்ளி, மனைவி அம்மாவுக்குத் துணை.

வரிசையை மாற்றினேன். அசைவச் சாப்பாடு இரண்டு 320, சைவச் சாப்பாடு இரண்டு 260, வாழைப்பூ கோலா 100, உப்புக்கறி 270. மொத்தம் 950, வரியோடு 997.50. ஆயிரத்துக்குள் அடங்கியது தற்செயல்தான், ஆனால் அனுப்பியவர் அதைத்தான் மிகவும் ரசித்தார் போலிருக்கிறது. "கரெக்டா ஆயிரத்துக்குள்ள போட்டுட்டீங்களே" என்றார். அவர் பட்ஜெட் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கறிக்கோலாவை எடுத்துவிட்டு உப்புக்கறியை ஏன் வைத்தேன் என்று கேட்பீர்கள். கோலா இரண்டும் ஒரே சாயலில் உருண்டையாக வரும். ஒரே மேசையில் ஒன்று கறி, ஒன்று வாழைப்பூ இருந்தால் கை மாறிப் போகும். அம்மாவுக்கு அப்படி நடந்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

அடுப்படி ஆச்சி | 9 ஆகஸ்ட், காலை 9.50

உருண்டை மாறுறது இருக்கட்டும், எண்ணெய்? ரெண்டு கோலாவும் ஒரே சட்டியிலதான் பொரிபடும் பல இடத்துல. காளான் வறுவலும் கறி வறுத்த அதே இரும்புச் சட்டியில. ஆடி வெள்ளிக்காகக் கறி விட்டவங்க சில பேரு இதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. பிறவியிலேர்ந்து சைவமா இருக்கிறவங்களுக்கு அது தொண்டையில இறங்காது. வெண்டைக்காய் மண்டி 80க்கு இருந்துச்சே, அதைச் சொல்லியிருக்கலாம். அரிசி கழுவுன தண்ணியில புளி கரைச்சு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் போட்டுத் தனிப் பானையில செய்யுறது. எண்ணெய்ச் சட்டிப் பக்கமே போகாது. சோத்துக்கும் தோதா இருக்கும், இருபது ரூபாயும் மிச்சம்.

இன்னொண்ணு. சைவச் சாப்பாடு சொல்லுறவங்க இலைக்குத் தண்ணி தெளிக்கும்போதே சர்வர்கிட்ட சொல்லிடணும். பரிமாறுறவர் பழக்கத்துல கறிக்குழம்பு வாளியோட வந்து, கேக்குறதுக்குள்ள ஒரு கரண்டி ஊத்திட்டுப் போயிடுவார்.

ரஸ்தாக்காரன் | 9 ஆகஸ்ட், காலை 10.15

மண்டி சரியான யோசனை. மண்டியோடு மொத்தம் 930, வரியோடு 976.50. அடுத்த ஆடி வெள்ளிக்கு.

பர்மா பேரன் | 9 ஆகஸ்ட், இரவு 7.45

நீங்க எல்லாரும் கறி, சைவம்னே பேசுறீங்க. என் மச்சானுக்கு முந்திரி ஒத்துக்காது. போன வருஷம் ஒரு ஹோட்டல்ல (பேர் வேணாம்) கிரேவி சொல்லும்போது "முந்திரி போட்டிருக்கா?"ன்னு கேட்டான். "இல்ல சார், மேல தூவ மாட்டோம்"னார் சர்வர். பாவம், அவர் பொய் சொல்லல. கிரேவியில அரைச்சு விட்டிருந்தாங்க. உதடு வீங்கி, ராத்திரி ஆஸ்பத்திரி. இப்ப அவன் "மசாலாவோட முந்திரி அரைக்கிறீங்களா, மாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க"ன்னு கேக்குறான்.

அதனால என்னைக் கேட்டா, "எல்லாரும் கறி சாப்பிடுறீங்களா"வோட "எதாவது ஒத்துக்காதா"வும் கட்டாயம். ரஸ்தாக்காரர் பதில்தான் முதல்ல வரணும்னு சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல.

ரஸ்தாக்காரன் | 9 ஆகஸ்ட், இரவு 8.30

இதில் நான் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை, முழுசாக மறுக்கவும் முடியவில்லை. ஒவ்வாமை உள்ளவர் பொதுவாகத் தானே முதலில் சொல்லிவிடுவார், அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் ஆர்டர் செய்கிறவர் வேறு, ஒவ்வாமை உள்ளவர் வேறாக இருக்கும்போது அது விட்டுப்போகும். உங்கள் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எனக்கு போட்டோ அனுப்பினால் முந்திரியை நீங்கள் மறந்திருப்பீர்களா?

பர்மா பேரன் | 9 ஆகஸ்ட், இரவு 8.34

மறந்திருப்பேன். அதான் சொல்றேன்.

ரஸ்தாக்காரன் | 9 ஆகஸ்ட், இரவு 8.52

சரி, கேள்வி கூட்டாமலே பாதி வேலையை வரிசையிலேயே முடிக்க முடியுமா என்று பார்த்தேன். உப்புக்கறியில் கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, மஞ்சள், நல்லெண்ணெய். அவ்வளவுதான். அரைத்த மசாலா இல்லை, முந்திரி இல்லை, தேங்காய் இல்லை. முழுதாகக் கிடக்கும் மிளகாயைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். விதையை உதிர்த்துவிட்டுப் போட்டிருந்தால் பார்வைக்கு இருக்கிற காரம் நாக்கில் இருக்காது. எதிராளியைப் பற்றி எதுவும் தெரியாதபோது உப்புக்கறிதான் அந்தக் கார்டில் குறைந்த ஆபத்து. கோலாவில் அப்படி இல்லை: பொட்டுக்கடலை, தேங்காய், கசகசா, சில இடத்தில் முட்டையும்.

அடுப்படி ஆச்சி | 9 ஆகஸ்ட், இரவு 9.20

வீட்டு உப்புக்கறி அப்படித்தான். ஓட்டல்ல கடைசியில சோம்புத்தூளோ மிளகுத்தூளோ தூவுறாங்க, சில பேரு கையில இருக்குற பொது மசாலாவையும் ஒரு கரண்டி விடுவாங்க. ஒவ்வாமைன்னா உப்புக்கறிக்கும் மாஸ்டரைக் கேட்டுத்தான் ஆகணும். ரத்தக் கொதிப்புக்காரங்களுக்கு அது ஆகவும் ஆகாது, பேருலயே உப்பு.

சிராங்கூன் சிவகங்கை | 9 ஆகஸ்ட், இரவு 10.48

கசகசான்னதும் ஞாபகம். இங்க சிங்கப்பூருக்குக் கசகசா கொண்டுவரத் தடை. அம்மா அனுப்புற கோலாப் பொடியில அது இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டு உயிரை வாங்குறேன். இங்க நாங்க முந்திரி போட்டு ஒப்பேத்துறோம். பர்மா பேரன் மச்சானை இங்க கூட்டிட்டு வந்துடாதீங்க.

கல்லல் எக்ஸ்பிரஸ் | 10 ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 7.20

இப்ப என் பரீட்சை. நான் ஒரு கடையில உக்காந்திருக்கேன், சுவத்துல போர்டு, போட்டோ எடுத்து எழுதுறேன். விலையே இல்ல. இடியாப்பம், ஆப்பம், வெள்ளைப் பணியாரம், பரோட்டா, கறி தோசை, கோசமல்லி, கோழி சால்னா, நாட்டுக்கோழி வறுவல், மட்டன் சுக்கா, இறால், செட்டிநாடு பனீர் மசாலா. என்ன சொல்லலாம்? வேற எதுவும் சொல்ல மாட்டேன். எத்தனை பேருன்னுகூட.

ரஸ்தாக்காரன் | 10 ஆகஸ்ட், இரவு 7.26

உட்கார்ந்ததும் முதலில் வெள்ளைப் பணியாரம் சொல்லு. ஒரு கரண்டி ஒரு பணியாரம் என்று எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பது, நேரமாகும். ஆறினால் ருசி போச்சு. காரச் சட்னி கேள். அடுத்து இடியாப்பமும் கோசமல்லியும். கத்தரிக்காயை வேகவைத்து மசித்துப் புளி விட்டது, சைவம். இது வரைக்கும் யார் சாப்பிட்டாலும் தப்பில்லை, பர்ஸும் தாங்கும்.

கறி வேண்டும் என்றால் விலை இல்லாத போர்டில் வரிசை ஏறத்தாழ இப்படித்தான் ஏறும்: கோழி, நாட்டுக்கோழி, மட்டன், இறால். கீழிருந்து ஒன்று எடு, விலையைக் கேள், அடுத்ததைத் தீர்மானி. கறி தோசைக்கு முட்டையும் கொத்துக்கறியும் போவதால் அதற்குமேல் சுக்கா தேவைப்படாது.

பனீரைத் தொடாதே. காரைக்குடிக்குள் இருக்கிற கடை தன் சொந்தச் சாப்பாட்டுக்குச் செட்டிநாடு என்று பெயர் வைக்காது.

இன்றைக்கு எல்லாரும் கறி சாப்பிடுகிறீர்களா?

இலை போடு | 10 ஆகஸ்ட், இரவு 7.40

பனீர் நான் வைக்கிறேங்க. டூர் பஸ்ல வர்ற வடக்கத்தியப் பிள்ளைங்களுக்கு. அதுக்கு என்ன பேர் வைக்கச் சொல்றீங்க?

கல்லல் எக்ஸ்பிரஸ் | 10 ஆகஸ்ட், இரவு 8.55

நான் ஒருத்தன்தான். கறிதான். பணியாரம் ரெண்டு ஈடு, கறி தோசை ஒண்ணு. பில் 210. சுக்கா கேட்டேன், தீந்துபோச்சுன்னார். போர்டுல இருந்தா சட்டியில இருக்குன்னு அர்த்தமில்ல போல.

இலை போடு | 10 ஆகஸ்ட், இரவு 9.10

அதைத்தான் யாரும் சொல்லலையேன்னு பாத்தேன். கார்டு அடிச்சது எப்பவோ. மதியம் ரெண்டு மணிக்கு மேல என் மெஸ்ல உப்புக்கறி இருந்தா அன்னிக்கு வியாபாரம் சரியில்லன்னு அர்த்தம். வெளியூர் ஆளுக்கு ரெண்டு அயிட்டம் சொல்லி விடுங்க, ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு: "உப்புக்கறி, இல்லைன்னா சுக்கா." இல்லைன்னதும் அவங்க முழிக்கிறதைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கும். அப்புறம் பிரியாணின்னுடுவாங்க.

பர்மா பேரன் | 11 ஆகஸ்ட், காலை 11.05

ஒரு சின்ன விஷயம். போட்டோவுல "அரை / முழு"ன்னு ரெண்டு விலை வரிசை இருக்கிற கார்டு பாத்திருப்பீங்க. தலைப்பு முதல் பக்கத்துல மட்டும் இருக்கும். ரெண்டாவது பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புறவங்க விஷயத்துல, இடது பக்க விலையைப் பாத்துக் கணக்குப் போட்டா அது அரை பிளேட் விலை. நாலு பேருக்குப் பத்தாது. லேமினேஷன்ல லைட் பட்டு 7 எல்லாம் 1 ஆகுறது வேற.

ரஸ்தாக்காரன் | 11 ஆகஸ்ட், பகல் 12.30

ஆமாம். பக்கத்து அயிட்டத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் தெரியும். சுக்கா 260 இருக்கிற கார்டில் உப்புக்கறி 210 என்று தெரிந்தால் அது 270ஆகத்தான் இருக்கும், ஆட்டுக்கறி இரண்டிலும் ஒன்றுதானே. சந்தேகம் வந்தால் பெரிய எண்ணை வைத்துக் கூட்டிவிடுவேன். பில் குறைந்து வந்தால் யாரும் திட்டப் போவதில்லை.

இனிப்பு நிறுத்தியவன் | 11 ஆகஸ்ட், மாலை 6.40

எல்லாத்தையும் படிச்சேன். அப்ப வெள்ளைப் பணியாரம் சர்க்கரைக்கு?

அடுப்படி ஆச்சி | 11 ஆகஸ்ட், மாலை 6.58

பச்சரிசியும் உளுந்தும் அரைச்சு எண்ணெயில ஊத்துறது. இனிப்பு இல்லைங்கிறதால நல்லதுன்னு ஆயிடாது. ரெண்டோட எந்திரிச்சுடுங்க.